பதினோராம் எண் மா

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அழைப்பு வந்தபோது கம்சாயினி தட்டில் பரப்பியிருந்த மாவை மரக்கரண்டியால் கோடு கோடாகக் கீறிக்கொண்டிருந்தாள். வறுத்த மாவைக் கீறிவிட்டால் சூடு சீக்கிரம் போகும். தொலைபேசி அவளுடையதல்ல, தலைவி அஸீமாவுடையது. சங்கத்து அழைப்பென்றால் அஸீமா அதை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்துவிடுவாள். ஒளிவுமறைவு கூடாது என்பது அவள் கொள்கை. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் ஒளித்திருக்கலாம்.

"மிஸ், நான் பஸ்லான் பேசுறேன். உங்கட சிவப்பரிசி மா ஏழு பெக்கட் கட்டியாகி வந்திருக்கு. ரெண்டுல பூஞ்சணம். ஏழுலயும் பின்னால பதினொண்டு எண்ட நம்பர்தான் இருக்கு. பன்ரெண்டாம் திகதி செஞ்சது."

கொழும்பில் இருபத்தொரு கிளை வைத்திருக்கிற ஒரு பேரங்காடி நிறுவனத்துக்குச் சாமான் தெரிவு செய்கிற அதிகாரி அவர். ஒரு கிளையில் மட்டும் பரீட்சார்த்தமாக மாவை வைத்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார்.

"வியாழக்கிழமை நேரில வாறேன். பதினொண்டு யாரு, என்ன நடந்தது, நீங்க என்ன நடவடிக்கை எடுத்தீங்க, எல்லாம் எழுதி வைங்க. மத்த இருபது கிளைக்கும் போடுறதா இல்லையா எண்டது அதுலதான் இருக்கு."

கம்சாயினியின் கரண்டி நின்றது. கொட்டகையிலிருந்த மற்றப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கம்சாயினி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இந்த வாவிக்கரைக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். செங்கலடியில் இரண்டு மகளிர் குழுக்கள், ஏறாவூரில் இரண்டு. நாலும் நல்ல மாதான் வறுத்தன. வறுத்து என்ன? நாலும் ஒரே சந்தையில் நாலு மூலையில் குந்தியிருந்து ஒன்றின் விலையை ஒன்று குறைத்தன. கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மூன்று வருடத்துக்கு முன்னர்தான் நாலும் ஒன்றாகி, ஒரு பெயர், ஒரு பை, ஒரு கைப்பக்குவம் என்று தீர்மானித்தன. சொல்வதற்குச் சுகம். பெயர் வைக்கவே மூன்று மாதம் பிடித்தது. மட்டக்களப்பென்றால் மீன்தானே என்று ஒரு பகுதி மீன் படம் கேட்டது. மாப் பையில் மீன் இருந்தால் மச்சம் கலந்தது என்று நினைத்து விரதக்காரர் வாங்கமாட்டார்கள் என்று மறுபகுதி எழும்பியது. பொட்டு வைத்த பெண் படம் ஏறாவூருக்குச் சரிவரவில்லை. முக்காடு போட்ட பெண் படம் செங்கலடிக்குச் சரிவரவில்லை. கடைசியில் 'வாவிக்கரை' என்ற பெயரும், தண்ணீரில் ஒரு வெறுந்தோணியும் என்று முடிவானது. "ஆளில்லாத தோணிய ஆரு வலிக்கிற?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள். அதற்கு இன்றுவரை பதிலில்லை.

சீதேவிப்பிள்ளை இரண்டாம் எண். மொத்தம் பத்தொன்பது எண்கள், பத்தொன்பது பெண்கள். வீட்டில் வறுக்கக்கூடாது, பொதுக் கொட்டகையில்தான் எல்லாம் என்று சுகாதாரப் பரிசோதகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் செங்கலடிக்கும் ஏறாவூருக்கும் இடையில் கிடந்த பழைய நெல் களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தரைக்கு ஓடு பதித்து, சன்னலுக்கு வலை அடித்துக்கொண்டார்கள். அரிசியை ஊறவைத்து, வடித்து, இடித்து, அரித்து, வறுத்து, ஆறவிட்டு, மறுபடி அரித்துப் பையில் போட்டு வாயை ஒட்டவேண்டும். பையின் பின்பக்கத்தில் மூன்று மொழியில் பெயர், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி. அவற்றுக்குக் கீழே செய்த பெண்ணின் எண். அந்த எண்தான் பஸ்லானுக்குப் பிடித்திருந்தது. "எந்தப் பெக்கட் யாருட கையால வந்தது எண்டு உங்களால சொல்ல ஏலும். பெரிய கொம்பனிகளே இதச் செய்யுறதில்ல" என்று முதல் கூட்டத்தில் புகழ்ந்தார். எல்லோரும் கம்சாயினியைத் திரும்பிப் பார்த்தார்கள். எண் வைக்கும் யோசனை அவளுடையது. தரத்துக்குப் பொறுப்பும் அவள்தான்.

எண்ணோடு சேர்த்து இரண்டு விதிகளையும் அவளே எழுதினாள். ஓர் எண்ணில் பழுது வந்தால் அந்த எண் ஆறு மாதம் நிறுத்தப்படும். ஓர் எண் தொடர்ந்து இரண்டு மாதம் சும்மா இருந்தால், கடைத்தட்டில் அதற்குரிய இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவளுக்குப் போய்விடும். பட்டியலில் ஒன்பது பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

முதல் விதி முதலில் விழுந்தது சீதேவிப்பிள்ளையின் தலையில். முதலாம் வருடம் அவளுடைய அரிதட்டில் ஓட்டை விழுந்து மாவில் கல் வந்துவிட்டது. அறுபது வயதுக்காரி அழுதாள். கம்சாயினி அசையவில்லை. விதியென்றால் விதி என்றாள். அப்போது காத்திருப்போர் பட்டியல் இல்லாததால் தட்டிடம் மட்டும் தப்பியது. ஆறு மாதம் சீதேவிப்பிள்ளை கொட்டகைப் பக்கம் வரவில்லை. வந்தபிறகும் கம்சாயினியோடு தேவைக்கு மேலே ஒரு சொல் கதைப்பதில்லை.

இனிப் பதினொன்று. பதினொன்று றம்லா. ஏறாவூர்க் குழுக்கள் இரண்டையும் இந்த ஒன்றியத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவளே அவள்தான். ஏழு கிழமைக்கு முன்னர் அவள் கணவர் மீராசாஹிப், விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் போனவர், பள்ளிவாசல் வாசலிலேயே விழுந்து மௌத்தானார். அன்றிலிருந்து றம்லா, கணவனை இழந்த பெண்கள் காக்கிற இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டும் படிக்கிறார்கள். அந்த வீட்டுக்கு இனி அந்த எண்தான் எல்லாம்.

நாலு மாதம் பத்து நாள் எங்கே, இரண்டு மாதம் எங்கே? கணக்குத் தெரிந்த எவளும் விதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆளுக்கொரு முறை என்று றம்லாவின் பங்கையும் வறுத்து, பதினொன்று என்று எழுதிய ஒட்டியைப் பையில் ஒட்டி, வேலைப் பதிவுக் கொப்பியிலும் பதினொன்று என்றே எழுதினார்கள். வயலில் ஒருத்தி படுத்துவிட்டால் மற்றவர்கள் அவள் வரிசையையும் சேர்த்து நட்டுவிடுகிற வழக்கம் இந்தப் பெண்களுக்குப் பிறப்பிலிருந்தே பழக்கம். நட்டவள் பெயரை யார் எழுதிவைக்கிறார்கள்? ஆகவே எவர் எந்த நாள் செய்தார் என்று எங்கேயும் எழுதவில்லை.

பன்னிரண்டாம் திகதி செய்தவள் கம்சாயினி.

அன்று மழை. மகனுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் இழுபட்டுப்போய், பன்னிரண்டு மணிக்குத்தான் வறுக்கிற தாச்சியை அடுப்பில் ஏற்றினாள். நாலு மணிக்குச் சாமான் ஏற்றுகிற வான் வந்துவிடும். மூன்றரைக்கு மாவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு இருந்தது. 'கையில சூடு பட்டாக் கட்டாதீங்க' என்று பத்தொன்பது பேருக்கும் பாடம் எடுத்தவள், அந்தக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பைகளை ஒட்டினாள். சூட்டோடு வாயை ஒட்டினால் பைக்குள் வியர்க்கும், வியர்த்தால் மா கட்டிபடும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். அவளுக்குத் தெரியாததா? கொப்பியில் ஆறவிட்ட நேரம் என்ற இடத்தில் 'ஆறு மணித்தியாலம்' என்று எழுதினாள். இப்போது நினைத்தால் அந்த எழுத்தே அவளுக்குக் கூசியது.

"இதுல மண்டையப் போட்டு உடைக்க ஒண்டுமில்ல" என்று அஸீமா தொலைபேசியை மேசையில் வைத்தாள். "பதினொண்ட நிப்பாட்டிட்டம் எண்டு எழுதி வைப்பம். அந்த மனிசனுக்கும் சந்தோசம். பழுது வந்த, நம்பரப் பாத்த, ஆளப் புடிச்ச, நிப்பாட்டின. நம்மட ஏற்பாடு வேலை செய்யுது எண்டு அவருக்கு இதவிட என்ன காட்டுற?"

"றம்லாக்கா கையாலயும் தொடாத மா" என்றாள் ஒருத்தி மெதுவாக.

"அது நமக்குத் தெரியும். அவருக்குச் சொல்லப்போனா, ஒட்டின நம்பரெல்லாம் பொய்யெண்டு ஆகிடும். ஒரு ஆளுக்காக பத்தொன்பது பேரும் சந்தைக்குத் திரும்பிப் போய்க் குந்துறதா?"

அஸீமா கல்நெஞ்சுக்காரியல்ல. றம்லாவின் மாமி மகள் அவள். அன்றைக்கு யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. சீதேவிப்பிள்ளை மட்டும் கம்சாயினியின் மரக்கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மாவில் நட்டபடி நின்றது.

"றம்லாக்காட்ட நான் போய்ச் சொல்றன்" என்றாள் கம்சாயினி. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்று அவள் போகவில்லை. வீட்டில் குசினிக்கும் கிணற்றடிக்குமாக நடந்தாள். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். தண்ணீர் அள்ளப்போய் வெறும் வாளியோடு திரும்பி வந்தாள். ஆறு மாதம்தானே, இத்தா முடிந்து மூன்று மாதமளவில் அதுவும் முடிந்துவிடும் என்று ஒரு மனம் சமாதானம் சொன்னது. இரண்டு மாதத்தில் தட்டு இடம் போய்விடுமே, ஒன்பது பேரில் ஒருத்தி அங்கே ஏறி உட்கார்ந்துவிடுவாளே, நீ எழுதின விதிதானே என்று மற்ற மனம் கடித்தது. நானே செய்தேன் என்று சொன்னால்? பஸ்லான் பையை மூடிக்கொண்டு போவார். பத்தொன்பது குடும்பமும் அவளைத்தான் திட்டும்.

புதன்கிழமை காலை மகனுக்குப் புட்டு அவிக்க மாவை எடுத்தபோதுதான் அது மூளையில் உறைத்தது. அன்று அவள் வறுத்தது ஒரே தாச்சி. ஆறப்போட்டது ஒரே தட்டு. அதில் பாதியைப் பதினொன்று என்று ஒட்டினாள். மறுபாதி? மறுபாதிக்குத் தன்னுடைய எண்ணையே ஒட்டினாள். நாலு. முப்பது பை. அதெல்லாம் கொழும்புக்குப் போகவில்லை. வந்தாறுமூலைக் கம்பசுக்குப் பக்கத்தில் விடுதிப் பிள்ளைகள் சாமான் வாங்குகிற கடைக்குப் போனது.

மாவை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்ன தங்கச்சி, இண்டைக்குச் சாமான் கொண்டு வாற நாளில்லையே?"

"புதுசா மாத்தித் தாறன் அண்ணன். பன்ரெண்டாம் திகதிப் போட்டது எத்தின கிடக்கு?"

பதினொரு பைகள் கிடந்தன. அந்த எண்ணிக்கை அவளைப் பார்த்து இளித்தது. பத்தொன்பது விற்றுப்போயிருந்தன. கடையைத் தாண்டி பஸ் தரிப்பில் நின்றபடி ஒன்றைக் கிழித்தாள். மா கையில் உதிரவில்லை. கொழுக்கட்டைபோல் கட்டி கட்டியாக வந்தது. ஒரு கட்டியை உடைத்தபோது உள்ளே சாம்பல் பச்சையாக ஒரு புள்ளி. நனைந்த சாக்குபோல் மணத்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மாணவி பையைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, உங்கட மாவா? நாங்க இதுதான் வாங்குற. நேத்தும் புட்டு அவிச்ச."

"எப்பிடி இருந்த?"

"கொஞ்சம் கட்டியாக் கிடந்த. அரிச்செடுத்துப்போட்டு அவிச்சம். பின்னேரம் ரெண்டு பேருக்கு வயித்துக்கு ஒரு மாதிரி. அது கன்ரீன் கறியா இருக்கும்" என்றாள் அந்தப் பிள்ளை, மா விற்றவள் மனம் நோகக்கூடாதென்று.

நேற்றுவரை இது றம்லாவின் எண்ணைப் பற்றிய சங்கடம். இன்றைக்கு எவளோ பெற்ற பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. பதினொன்று என்று கொழும்புக்குச் சொன்னால் பதினொன்றைத்தான் தட்டிலிருந்து எடுப்பார்கள். நாலைத் தேடி எவரும் வரமாட்டார்கள். நாலு சுத்தமாக, தரப் பொறுப்பாளரின் எண்ணாக, எங்கேயோ ஒரு விடுதி அலுமாரிக்குள் பூத்துக்கொண்டிருக்கும். "தின்னாதீங்க புள்ள. மிச்சம் கிடந்தா எறியுங்க. உங்கட அறை ஆக்களுக்கெல்லாம் சொல்லுங்க, நாலாம் நம்பர் எண்டா எறியச் சொல்லுங்க" என்று அந்த மாணவியின் கையைப் பிடித்துச் சொன்னாள். அந்தப் பிள்ளை கையை மெதுவாக இழுத்துக்கொண்டது.

பதினொரு பைகளையும் சீலைப் பைக்குள் அமுக்கிக்கொண்டு அவள் இறங்கிய இடம் ஏறாவூர்.

றம்லா உள்ளறையில் பாயில் இருந்தாள். வெள்ளை உடுப்பு. ஏழு கிழமையில் கன்னம் வற்றியிருந்தது. ஆனால் கண் அதே கண். மூத்த மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"அஸீமா ராத்தா போன்ல கோல் எடுத்துச் சொன்ன" என்று றம்லாவே தொடங்கினாள். கம்சாயினிக்குச் சொல்லும் கஷ்டமும் இல்லாமற் போனது. "நிப்பாட்டுங்க தங்கச்சி. நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

"றம்லாக்கா, அந்த மா..."

"எனக்கு வேண்டித்தானே செஞ்ச. தன்ட வேலைய விட்டுப்போட்டு எனக்கு வேண்டி நெருப்புல நிண்ட கை அது. அதக் காட்டிக்குடுத்து என்ட நம்பரக் காப்பாத்தச் சொல்றீங்களா?"

"ஆரு செஞ்ச எண்டு..."

"சொல்லாதீங்க." றம்லா கையை உயர்த்தினாள். "அல்லாஹ்வுக்காகச் சொல்லாதீங்க. தெரிஞ்சா மறுகா அவட முகத்தப் பாக்க எனக்கு ஏலாமப் போயிரும். இருக்கிறதே நீங்க கொஞ்சப் பேருதான்."

தேநீர் ஆறிப்போனது. தேநீரை மட்டும்தான் ஆறட்டும் என்று விடக் கம்சாயினிக்குப் பொறுமை இருந்தது போலும். எழும்பி வந்தாள். வாசலில் செருப்பைப் போடும்போது உள்ளே றம்லா மகளிடம் சொல்வது கேட்டது. "தையல் மெசினத் தூசி தட்டி வைங்க மகள். பாப்பம்." மன்னிப்பை இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? திட்டியிருந்தால் கம்சாயினி அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இப்போது றம்லாவின் மேல் கோபம் வந்தது. தன் மேல் வந்த கோபம்தான் வழி தவறி அங்கே போனது.

வியாழக்கிழமை பஸ்லான் சொன்ன நேரத்துக்கு அரை மணி முந்தியே வந்துவிட்டார். தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு கொட்டகையைச் சுற்றினார். அரிதட்டுகளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு மேசையடியில் உட்கார்ந்து கொப்பியை விரித்தார். பெண்கள் சுவரோடு சுவராக நின்றார்கள்.

"பன்ரெண்டாம் திகதி, பதினொண்டு. ஆறவிட்டது ஆறு மணித்தியாலம்" என்று படித்தார். "ஆறு மணித்தியாலம் ஆறின மா இப்பிடிக் கட்டிபடாது. பதினொண்டு யாரு?"

அஸீமா தொண்டையைச் செருமினாள். "அவங்க இப்ப இல்ல சேர். நாங்க அந்த நம்பர..."

"நான் செஞ்ச" என்றாள் கம்சாயினி.

சொன்னபிறகு நிற்கவில்லை. நின்றால் துணிவு போய்விடும். சீலைப் பையைக் கவிழ்த்துப் பதினொரு பைகளையும் மேசையில் கொட்டினாள். "என்ட நம்பர் நாலு. இதுவும் அதே தாச்சி மாதான், பாருங்க. சூட்டோட கட்டினது நான். ஆறு மணித்தியாலம் எண்டு எழுதினதும் நான். பதினொண்டு றம்லாக்கா. அவ ஏழு கிழமையா இத்தாவுல இருக்கிறா. மாவத் தொட்டதே இல்ல. நீங்க பதினொண்ட மட்டும் எடுத்தாக் காணாது. பத்தொன்பது பை கம்பசுல வித்துப்போச்சு, அதையும் எடுக்கவேணும்."

அஸீமா கண்ணை மூடிக்கொண்டாள்.

பஸ்லான் ஒரு பையைக் கிழித்து மோந்து பார்த்தார். "அப்ப ஏழு கிழமையாப் பதினொண்டு எண்டு வந்த மாவெல்லாம் யாரு செஞ்சது?"

"பத்தொன்பதாம் திகதி நான்" என்றாள் சீதேவிப்பிள்ளை சுவரில் சாய்ந்தபடி. "மத்தது ஆரெண்டு எனக்குத் தெரியா. நினைவு வச்சுக்கொள்றதுக்கா செஞ்ச?"

"அப்ப இந்தக் கொப்பி பொய்."

"ஓம், பொய்" என்றாள் கம்சாயினி.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் களைத்துப்போனவர்போல் பேனாவை மூடினார். "எனக்கு இது விளங்காம இல்ல. எங்கட உம்மாவும் இத்தா இருந்தவங்கதான். ஆனா யாருட மனசு நல்லம் எண்டு நான் கேக்கல்ல. ஒரு பிள்ளைக்கு வயித்தால போனா, யாருட கை பட்டது எண்டு எனக்குத் தெரியவேணும். இருபது கிளைக்கும் ஓம் எண்டு நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுற?"

"அப்ப கைய எழுதினாப் போச்சு."

மறுபடியும் சீதேவிப்பிள்ளை. எல்லோரும் திரும்பினார்கள். அவள் வந்து மேசையில் விரலால் கோடு கீறிக் காட்டினாள். "இஞ்ச பங்கு. பங்கு றம்லாட, பதினொண்டு. இஞ்ச கை. கை என்ட, ரெண்டு. ரெண்டையும் பையில போடுங்க. அவட பங்கும் ஓயாது, செஞ்ச ஆளும் ஒளியாது. ஒரு நம்பருக்கு ரெண்டு வேலை குடுத்துத்தானே இவ்வளவு கூத்தும்?"

பஸ்லான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டின் மேல் தன் விரலையும் ஓட்டிப் பார்த்தார். பிறகு தன் கொப்பியில் எழுதியபடியே முடிவைச் சொன்னார். இருபது கிளை இப்போதைக்கு இல்லை. கொழும்புக் கிளையிலிருந்தும் மாவை எடுத்துவிடுவார். மட்டக்களப்பில் இருக்கிற கிளை ஒன்றில் மட்டும் மூன்று மாதம், இரண்டு எண்ணோடும். மூன்று மாதமும் கொப்பி உண்மை சொன்னால் மறுபடி கதைக்கலாம். போகும்போது அந்தத் தாச்சி மா எங்கெங்கே போனதென்று ஒவ்வொரு கடைப் பெயராகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

அவருடைய வாகனம் மறைந்ததும் அஸீமா வெடித்தாள். "மூணு வருசம்! மூணு வருசமா நான் நடந்த நடை! ஒரு சொல் முந்திச் சொல்லியிருக்க ஏலாதா?" அஸீமா சொன்னது நியாயம்தான். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள், கெட்ட நேரம் பார்த்துத் திறந்தாள்.

"நாலாம் நம்பர ஆறு மாசத்துக்கு நிப்பாட்டுங்க" என்றாள். "விதி அதுதானே."

"எத நிப்பாட்டுற?" என்று கேட்டாள் சீதேவிப்பிள்ளை. "சூட்டோட கட்டினது கை. கைய நிப்பாட்டுங்க. பங்கு என்ன பிழை செஞ்ச? அதை நாங்க முறை வச்சு வறுப்பம்." நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "என்ன நிப்பாட்டின நேரம் இது ஒருத்தருக்கும் தோணயில்ல."

அதில் இரக்கம் கூடவா, குத்தல் கூடவா என்று கம்சாயினி இன்றைக்கும் யோசிப்பதுண்டு. அன்றைக்கு அவளால் தலை நிமிர முடியவில்லை. "எனக்குத் தோணியிருக்கவேணும் பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு வந்தது நீளமான காலம். கம்பஸ் விடுதிச் சுவரில் நாலாம் எண் மாவைத் திருப்பித் தரும்படி சங்கத்தின் அறிவித்தல் தொங்கியது. ஆறு பைதான் திரும்பி வந்தது. கம்சாயினி தினமும் கொட்டகைக்கு வந்தாள். மாவைத் தொடக்கூடாது. ஒட்டிகளில் எண் எழுதுவதும் கொப்பி பார்ப்பதும் மட்டும்தான் வேலை. சும்மா இருந்து பழகாத கை. எவளாவது தட்டைப் பரப்பினால் எழும்பிப் போய்ப் பக்கத்தில் நிற்பாள், கரண்டிக்குக் கை நீளும், பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வருவாள். ஆறவிட்ட நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுவாள், எழுதியதை மறுபடி போய்ப் பார்ப்பாள். அஸீமா அவளோடு கதைக்க ஐந்து கிழமை பிடித்தது. அதுவும் "பேனா இருக்கா?" என்றுதான்.

இத்தா முடிந்த மறுநாள் காலை றம்லா வந்தாள். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுது முடிய ஒரு மணித்தியாலம் போனது. கம்சாயினி ஒட்டி மேசையை விட்டு எழும்பவில்லை. எந்த முகத்தோடு எழும்புவது? றம்லாவும் அந்தப் பக்கம் வரவில்லை. கையைக் கழுவி, தொப்பியை மாட்டி, அடுப்பை மூட்டினாள். நாலு மாதமாக வேறு கைகள் பிடித்த தாச்சியைப் பிடித்து, ஒரு தாச்சி வறுத்துத் தட்டில் பரப்பினாள். கோடு கோடாகக் கீறினாள். பிறகு நேரே மேசைக்கு வந்தாள்.

"ஒட்டி தாங்க. முப்பது."

கம்சாயினி பேனாவை எடுத்தாள். "பங்கு பதினொண்டு, கையும் பதினொண்டுதானே?"

"இல்ல. பங்கு நாலு. கை பதினொண்டு."

கம்சாயினி குனிந்தபடியே இருந்தாள். பேனா நகரவில்லை. முதல் ஒட்டியில் ஒரு துளி விழுந்து அதிலிருந்த தோணிப் படம் நனைந்தது. றம்லா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே இருந்தாள்.

"நிமிருங்க தங்கச்சி. நான் பாக்க ஏலாது எண்டு சொன்ன முகம் இதுதானே? பாத்துட்டன். ஒண்டும் ஆகயில்ல."

கம்சாயினி நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். பங்கு நாலு, கை பதினொன்று. பங்கு நாலு, கை பதினொன்று. பத்தாவது ஒட்டிக்கு வந்தபோது பழைய வேகம் வந்துவிட்டது, மற்றக் கை தன்பாட்டில் பைக்கட்டை இழுத்தது. றம்லா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அமர்த்தினாள். அதில் இன்னும் தாச்சிச் சூடு இருந்தது.

"எங்க ஓடுறீங்க? மா இன்னும் ஆறயில்ல" என்றாள். "இருங்க."

இருவரும் இருந்தார்கள்.